பூட்டினாலும் கறுக்கும்!

மழை பிடித்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதி, பீரோ லாக்கரைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எழுதியவை. அதனால் இந்த முறை நகைப்பெட்டிக் கேள்விகள் மட்டும். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை முகம் கறுக்காமல் இருக்கவும்.

கொலுசுக்காரி, செல்லூர்: தீபாவளிக்குப் போட்ட கொலுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கார்த்திகை விளக்குக்கு எடுத்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

நீங்கள் பூட்டும்போதே திருடன் உள்ளேதான் இருந்தான். வெள்ளி மேல் படிந்த கறுப்பு அழுக்கு அல்ல, வெள்ளி சல்பைடு. காற்றில் இருக்கும் கந்தக வாயு, முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்து அதை உண்டாக்குகிறது. அழுகிய முட்டை வாடை என்கிறோமே, அந்த வாயுதான். நம் மூக்குக்கு எட்டாத அளவு இருந்தாலே வெள்ளிக்குப் போதும். திறந்த சாக்கடையும், கழிவுநீர் ஓடும் கிருதுமால் கரையும் இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

உங்கள் கொலுசுக்கு இன்னும் மூன்று சேர்ந்துகொண்டன. பட்டாசு மருந்தில் கந்தகம் உண்டு; வெடித்த புகையின் கரி கொலுசின் இடுக்குகளில் படிந்திருக்கும். அதன் மேல் கால் வியர்வையின் உப்பு. பிறகு வடகிழக்குப் பருவமழை கொண்டுவந்த ஈரம். கந்தகம், உப்பு, ஈரம் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டினால் வேறென்ன நடக்கும்? அடுத்த முறை கழற்றியதும் ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஒரு மணி நேரமாவது மின்விசிறிக்கடியில் உலர விட்டு அப்புறம் பூட்டுங்கள்.

மருமகள், விளாங்குடி: மெத்துப் பை, ஆன்டி-டார்னிஷ் துணி, சிலிக்கா ஜெல் என்று மூன்றையும் வாங்கச் சொல்கிறார்கள். ஏதாவது ஒன்று போதாதா?

மூன்றும் ஒரே வேலையைச் செய்தால் ஒன்று போதும். ஆனால் பை கீறலைத் தடுக்கிறது, துணி கந்தகத்தைப் பிடிக்கிறது, ஜெல் ஈரத்தை இழுக்கிறது. பை கந்தகத்தைத் தடுக்காது. ஜெல் கீறலைத் தடுக்காது. உங்கள் பெட்டியில் எந்த நகைக்கு எந்தச் சேதம் வரக்கூடும் என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளியே இல்லாத வீட்டுக்கு ஆன்டி-டார்னிஷ் துணி வீண் செலவு.

அவருடைய மாமியார், அதே வீடு: நாங்களெல்லாம் பழைய வேட்டித் துணியில்தான் முடிந்து வைத்தோம். பைக்கு ஒரு காசு, துணிக்கு ஒரு காசா?

பைக்கான காசை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம் அம்மா. பல முறை துவைத்து நைந்த வெள்ளை வேட்டியைப் போல மெத்தென்ற துணி கடையில் கிடைப்பது அரிது. கஞ்சியும் நீலமும் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பைகளாகத் தைத்துக்கொள்ளுங்கள். சுங்குடித் துண்டு என்றால் சாயம் விடுவது நிற்கும்வரை அலச வேண்டும். கம்பளித் துணி மட்டும் வேண்டாம். கம்பளி இழையிலேயே கந்தகம் இருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம்: முடிந்து வைத்தீர்கள் சரி, எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் வைத்தீர்களே! வைரத்தின் கடினம் 10, சிவப்புக்கல்லுக்கு 9, தங்கத்துக்கு 3-ஐ ஒட்டித்தான். கல் மோதிரமும் வளையலும் ஒரே முடிச்சில் இருந்தால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மோதிரம் வளையலில் கோலம் போடும். தெருப் புழுதியில் இருக்கும் மணல் துகளின் கடினமே 7. அதனால் ஒரு பைக்கு ஒரு நகை. பையையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி உதறிவிட்டு நகையைப் போடுங்கள்.

சந்தேகப் பிராணி, கே.புதூர்: ஆன்டி-டார்னிஷ் துணியில் அப்படி என்ன மந்திரம்? துவைக்கலாமா?

மந்திரம் இல்லை, பலியாடு. நல்ல துணியின் இழைகளுக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் ஏற்றப்பட்டிருக்கும். உள்ளே வரும் கந்தக வாயுவை உங்கள் கொலுசுக்கு முன்னால் அந்தத் துகள்கள் வாங்கிக்கொள்கின்றன. துவைத்தால் அவை போய்விடும்; மிஞ்சுவது வெறும் துணி. ஆகவே துவைக்கக் கூடாது, ஈர நகையைச் சுற்றவும் கூடாது.

கடையில் கேட்கும்போது கவனம். பாலிஷ் துணி என்று இன்னொன்று இருக்கிறது. அதில் தேய்க்கும் பொடி இருக்கும். வந்த கறுப்பை எடுக்கும், வரும் கறுப்பைத் தடுக்காது. அதற்குள் நகையைச் சுற்றி வைத்தால் பயனில்லை. கவரிங் நகையை அதனால் தேய்த்தால் மேல்பூச்சே உரிந்து பித்தளை எட்டிப் பார்க்கும்.

பொட்டலம் சேர்ப்பவர், திருநகர்: செருப்பு டப்பா, கைப்பை எதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வந்தாலும் எடுத்து நகைப்பெட்டியில் போட்டுவிடுகிறேன். சேமிப்பா, முட்டாள்தனமா?

சேமிப்புதான், ஆனால் செத்ததைச் சேமிக்கிறீர்கள். தொழிற்சாலையிலிருந்து கிடங்கு, கடை, உங்கள் வீடு என்று வந்து சேர்வதற்குள் அந்தப் பொட்டலம் குடிக்க வேண்டிய ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். காய்ச்சி எடுத்தால்தான் மறுபடி உதவும்.

எவ்வளவு ஜெல் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 30 செ.மீ. நீளம், 20 அகலம், 10 உயரம் உள்ள பெட்டி 6 லிட்டர் காற்றுப் பிடிக்கும். மழைநாளில்கூட அந்தக் காற்றில் இருக்கும் நீர் 0.2 கிராமுக்குள்தான். அதை இழுக்க ஒரு சிட்டிகை ஜெல் போதும். ஆனால் உள்ளே 100 கிராம் பருத்திப் பை வைத்திருக்கிறீர்களே, அது மழைக்காலத்தில் சுமார் 8 கிராம் நீரைத் தன் இழைகளில் பிடித்து வைத்திருக்கும்! பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுவருவது காற்று அல்ல, பைதான். எனவே பைகளை நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் நகையைப் போட்டு மூடுங்கள். இந்த அளவுப் பெட்டிக்கு 25 கிராம் ஜெல் தாராளம்.

இதெல்லாம் ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பெட்டிக்குத்தான். மரப்பெட்டியிலும் பீரோ லாக்கரிலும் ஜெல்லைப் போட்டால், அது வைகை ஆற்றின் ஈரத்தையெல்லாம் குடிக்க முயன்று இரண்டு நாளில் ஓய்ந்துவிடும்.

வெயில் நம்பிக்கையாளர், உசிலம்பட்டி: ஜெல் ஓய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர் சித்திரை வெயிலில் காயவைத்தால் உயிர் வராதா?

உங்கள் ஊர் வெயில் வற்றல் வடகத்துக்கு வல்லது, ஜெல்லுக்குப் பத்தாது. மணிகளின் நுண்துளைகளில் ஒட்டிய நீர் வெளியேற 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மைக்ரோவேவ் அல்லாத சாதாரண அவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். பொட்டலத்தோடு வைக்காமல், மணிகளை ஒரு தட்டில் பரப்பி வைத்து, ஆறியதும் மெல்லிய துணிப் பையில் கட்டுங்கள். அவன் இல்லையென்றால் புதுப் பொட்டலம் வாங்குவதே மலிவு.

நிறம் காட்டும் மணிகளில் நீலமாக இருந்து இளஞ்சிவப்பாவது ஒரு வகை. அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நஞ்சு. சமையல் பாத்திரத்தின் பக்கமோ குழந்தை கைக்கெட்டும் இடத்திலோ வேண்டாம். ஆரஞ்சாக இருந்து பச்சையாவது இன்னொரு வகை, அதை வாங்கலாம். வெள்ளை மணி நிறம் மாறாது. அதற்குச் சமையலறைத் தராசு போதும். புதிதாக 25 கிராம் இருந்தது 30 கிராம் காட்டினால் காய்ச்சும் நேரம் வந்துவிட்டது.

பாட்டி வைத்தியர், திருப்பரங்குன்றம்: சாக்பீஸ், அரிசி, கற்பூரம், அந்துருண்டை. இதில் எதற்கு உங்கள் ஓட்டு?

சாக்பீஸுக்கு அரை ஓட்டு. கொஞ்சம் ஈரம் இழுக்கும், ஆனால் தூள் உதிர்க்கும். துணியில் சுற்றிப் போடுங்கள். அரிசி அவ்வளவாக ஈரம் இழுக்காது, வண்டு பிடிக்கும், அதைச் சோறாக்குங்கள். கற்பூரம் கரைந்து காணாமல் போகும், ஈரத்தைத் தொடாது. அந்துருண்டைக்கு டெபாசிட்டே கிடையாது. அது பூச்சிக்கானது, அதன் ஆவி பிளாஸ்டிக் மணிகளையும் பெட்டிகளையும் பிசுபிசுக்க வைக்கும்.

பவுன்காரர், அண்ணாநகர்: தங்கம் கறுக்காது என்கிறார்கள். என் மனைவியின் சங்கிலி மட்டும் ஏன் மங்குகிறது? கடைக்காரர் ஏமாற்றினாரா?

அவரைச் சந்தேகிக்கும் முன் சோப்பைச் சந்தேகியுங்கள். கீழடி மண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்த தங்க அணிகலன் துண்டுகள் இன்றும் தங்க நிறத்தில்தான் இருக்கின்றன. உங்கள் சங்கிலி 916 என்றால் 91.6 சதவீதம் தங்கம். மீதியில் செம்பும் வெள்ளியும் இருக்கும். அந்த மீதி சற்று மங்கலாம். ஆனால் பெரும்பாலும் நாம் பார்ப்பது எண்ணெய், சோப்பு, மஞ்சள், பவுடர் சேர்ந்த படலம்.

பரிசோதனை எளிது. ஒரே ஒரு கண்ணியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தடவிக் கழுவுங்கள். பளிச்சென்றால் படலம். பளிச்சிடாமல் பூதக்கண்ணாடிக்கடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் கீறல். அதைத் துணியும் ஜெல்லும் மீட்டுத் தராது. கடை பாலிஷ் மீட்கும், ஆனால் ஒவ்வொரு பாலிஷிலும் துளி தங்கம் போகும்.

ரோஸ் தாள் ரசிகை, தெற்கு ஆவணி மூல வீதி: எங்கள் தெரு நகைக்கடைகளில் மடித்துத் தரும் ரோஸ் தாளிலேயே நகையை வைத்திருக்கலாமா?

அந்தத் தாள், தங்கத்தை இன்னும் மஞ்சளாகக் காட்டுவதற்காக. கடையிலிருந்து வீடு வரும்வரை கீறாமல் காக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஈரம் பட்டால் சாயம் விடும். முத்து மேல் ஏறினால் போகாது. வீட்டுக்கு வந்ததும் பைக்கு மாற்றிவிடுங்கள். தாளின் மேல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். ரப்பரை இறுகவைக்கக் கந்தகம்தான் சேர்க்கிறார்கள்; வெள்ளியில் அது கிடந்த இடம் கறுப்புக் கோடாக நிற்கும்.

முத்து மாலைக்காரி, எஸ்.எஸ்.காலனி: என் முத்து மாலைக்கும் ஜெல் வைத்து நன்றாகப் பாதுகாக்கிறேன். பாராட்டுவீர்களா?

உடனே எடுத்துவிட்டால் பாராட்டுகிறேன். முத்து கல் அல்ல. சுண்ணாம்பு அடுக்குகளைப் புரதம் ஒட்டி வைத்திருக்கும் உயிர்ப்பொருள். அதற்குள் கொஞ்சம் நீர் இருந்தால்தான் மினுமினுப்பு. நெடுநாள் வறண்ட காற்றில் வைத்தால் மேற்பரப்பில் விரிசல் விழத் தொடங்கும். ஜெல் இல்லாத தனிப் பை, இறுக மூடாத டப்பா, இரண்டும் போதும். தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள், இல்லையென்றால் நூல் நீளும். கழற்றியதும் வியர்வையும் சென்டும் போக ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு வையுங்கள்.

பாம்படப் பேரன், செக்கானூரணி: அப்பத்தாவின் பாம்படமும் அம்மாவின் கெம்புக்கல் அட்டிகையும் என்னிடம் வந்திருக்கின்றன. எப்படி வைப்பது?

இரண்டுக்குள்ளும் அரக்கு இருக்கிறது, அதை மறக்காதீர்கள். பாம்படம் கனமாகத் தெரிந்தாலும், மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பியது. மேலே வேறு நகையை அடுக்கினால் நசுங்கும். காதருகில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அரக்கு உடைந்திருக்கிறது, வேலை தெரிந்த ஆசாரியிடம் காட்டுங்கள். பஞ்சும் துணியும் வைத்த தனி டப்பாவில் வையுங்கள்.

அட்டிகையில் கற்களுக்குப் பின்னால் மின்னும் தகடு வைத்து, பின்பக்கத்தை மூடியிருப்பார்கள். கல்லின் ஒளி அந்தத் தகட்டிலிருந்து வருகிறது. தண்ணீர் உள்ளே இறங்கினால் தகடு மங்கி, கல் இருண்டுவிடும். அங்கங்கே ஓரிரு கல் மட்டும் கறுத்திருந்தால் காரணம் இதுதான். வெளியே எவ்வளவு துடைத்தாலும் மாறாது. ஆகவே முக்கிக் கழுவாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். சித்திரை வெயிலில் பீரோ சுட்டாலும் அரக்கு இளகும் அளவுக்குப் போகாது. வெந்நீரும் ஹேர் டிரையரும் போகும்.

ஆராய்ச்சி மாணவி, அமெரிக்கன் கல்லூரி அருகே: கடையில் வாங்கிய வெல்வெட் பை நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். அருங்காட்சியகங்கள் செய்வதையே நீங்களும் செய்யலாம். காட்சிப் பெட்டிக்குள் போடும் துணி, பசை, பலகை எதுவானாலும் அதை முதலில் வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு சேர்த்து ஈரமும் சூடும் உள்ள மூடிய குப்பியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் வகுத்த முறை அது. அங்கே 60 டிகிரி சூடு. உங்களுக்குச் சமையலறை அலமாரி போதும்.

பழைய மெட்டிகள் இரண்டை ஒரே மாதிரிப் பளபளப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடி ஜாடிகள் எடுங்கள். ஒன்றில் ஒரு மெட்டி, வெல்வெட் பையின் ஒரு துண்டு, ஈரப் பஞ்சு வைத்த சிறு மூடி. இன்னொன்றில் மற்ற மெட்டியும் ஈரப் பஞ்சும், பைத்துண்டு மட்டும் இல்லை. பஞ்சு மெட்டியைத் தொடக் கூடாது. இறுக மூடி ஒரு மாதம் விடுங்கள். முதல் ஜாடி மெட்டி மட்டும் மஞ்சளித்தோ கறுத்தோ இருந்தால் பையின் சாயமோ பசையோ குற்றவாளி. இரண்டும் ஒன்றாகக் கறுத்தால் குற்றவாளி உங்கள் சமையலறைக் காற்று. இரண்டும் பளிச்சென்று இருந்தால் பை தப்பித்தது.

குடும்பத்தலைவி, மேலூர்: மூன்று பவுன் சங்கிலி, ஜிமிக்கி, நான்கு வளையல், கல் மோதிரம், அட்டிகை, முத்து மாலை, இரண்டு ஜோடிக் கொலுசு. இவ்வளவுதான் சொத்து. எப்படி அடுக்க?

மூன்று டப்பா. முதல் டப்பா வெள்ளிக்கு. இறுக மூட வேண்டும். ஒவ்வொரு கொலுசையும் கொக்கி மாட்டி, தனித்தனியாக ஆன்டி-டார்னிஷ் துணியில் சுருட்டுங்கள். கூடவே 10 கிராம் ஜெல். பளபளப்பாகத் தேய்த்த சின்ன வெள்ளிக் காசு ஒன்றைத் துணி இல்லாமல் மேலே வையுங்கள். வெள்ளி முதலில் மஞ்சளிக்கும், பிறகுதான் கறுக்கும். காசு மஞ்சளித்தால் மூடியோ ஜெல்லோ சரியில்லை என்று கொலுசு கெடும் முன்னே தெரிந்துவிடும். காசோடு கொலுசும் மஞ்சளித்தால் துணியின் ஆயுளும் முடிந்தது.

இரண்டாவது தங்கத்துக்கு. சங்கிலியின் கொக்கியை மாட்டி, ஒரு துணிப்பட்டையில் நீளமாக வைத்துச் சுருட்டினால் சிக்கு விழாது. ஜிமிக்கிகள் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும், எனவே இரண்டு அறை வைத்துத் தைத்த பை. வளையல்களை ஒரு துணிச்சுருளில் கோத்து, இடையிடையே துணி மடிப்பு வையுங்கள். கல் மோதிரத்துக்குத் தனிப் பை, அது எல்லாரையும் கீறும். அட்டிகை மேலே, எதுவும் அழுத்தாமல். இதற்கும் ஜெல் வைக்கலாம். ஆன்டி-டார்னிஷ் துணி தேவையில்லை.

மூன்றாவது டப்பா முத்துக்கு. அதில் துணி மட்டும். குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோ என்றால் மூன்றையும் வேறு பக்கம் மாற்றுங்கள்.

அவசரக்காரர், ஆரப்பாளையம்: கறுத்தே போச்சு, விருந்து நாளைக்கு. பற்பசை போடலாமா?

பற்பசையைப் பல்லுக்கு விடுங்கள். அதில் உள்ள பொடி வெள்ளியைக் கீறும். கல்லும் அரக்கும் இல்லாத வெறும் வெள்ளி என்றால், பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி கொலுசை வைத்து, சமையல் சோடா ஒரு மேஜைக்கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகும், வெள்ளி தேயாது. லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது. ஆனால் பூ வேலைப்பாட்டின் இடுக்கில் ஆசாரி வேண்டுமென்றே விட்ட கறுப்பும் சேர்ந்து போய்விடும். அந்த மாதிரி நகைக்கு மெல்லிய துணியும் பொறுமையும்தான் வழி.

கணவர், பெயர் வேண்டாம், வாடிப்பட்டி: பைகளின் மேல் என்ன நகை, எத்தனை பவுன் என்று எழுதி ஒட்டலாமா?

எழுதலாம், திருடனுக்கும் எடை பார்க்கும் வேலை மிச்சம். பைக்கு ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் தையுங்கள். எடையையும், 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய தங்க நகையில் இருக்கும் ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. குறியையும், புகைப்படத்தோடு வேறொரு நோட்டில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். அந்த இடத்தை மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மறந்துபோவது நீங்களாகத்தான் இருக்கும்.